கலைச்சொல் விவாதம்: ‘நரம்புக்குழல் குறைபாடு’ சரிதானா?

கயல்விழி:
வணக்கம் நண்பர்களே. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நியூரல் டியூப் டிஃபெக்ட் என்பதற்கு எல்லாரும் எழுதுவது போல ‘நரம்புக்குழல் குறைபாடு’ என்று போட்டேன். சரிபார்த்த தோழி ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டாள்: ‘ஃபோலிக் அமிலக் குறைபாட்டால் நரம்புக்குழல் குறைபாடு ஏற்படலாம்.’ முதல் குறைபாடு பற்றாக்குறை, இரண்டாவது கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழலில் நேரும் உடலமைப்புப் பிழை. படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத்தானே எடுத்துக்கொள்வார்? வேறு சொல் வேண்டும்.

முத்தரசன்:
அம்மா, முதலில் அமிலத்தைத் தமிழாக்குங்கள். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ‘இலையமிலம்’ என்றால் போதும். குழலைப் பொறுத்தவரை எனக்கு மகிழ்ச்சியே. மழ, குழ இரண்டும் இளமையைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. குழவி அதிலிருந்து வந்தது. குழவியின் மூளையும் தண்டுவடமும் குழலாகத் தொடங்குகின்றன என்பது எவ்வளவு பொருத்தம்!

இளவேனில் (கருவியல் கற்பிப்பவர்):
ஐயா, மாத்திரை அட்டையில் ‘ஃபோலிக்’ என்றுதான் இருக்கும். கடையில் இலையமிலம் கேட்டால் கிடைக்காது. அதை அப்படியே விட்டுவிடலாம். குழவியின் ‘குழ’ வேறு, உள்ளே வெற்றிடம் உள்ள ‘குழல்’ வேறு என்றே நினைக்கிறேன். ஆனால் ‘குழல்’ நல்ல சொல்தான்.

சாதிக்:
குழலில் ஓட்டை விழுவதுதானே பிரச்சினை? ‘நரம்புக்குழல் பிளவு’ என்று போடலாம். உதட்டுப் பிளவு என்பது மக்களுக்குப் பழகிய சொல். அப்புறம், முதல் மூன்று மாதத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் போதும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

இளவேனில்:
சாதிக் தம்பி, முதுகுப் பக்கம் திறந்திருக்கும் என்பது சரி. ஆனால் குழலாக இருந்தது பிளக்கவில்லை, குழலாகவே ஆகவில்லை. முதலில் அது ஒரு தட்டையான தகடு. கருவுற்ற மூன்றாம் வாரத்தில் அதன் இரு ஓரங்களும் மடிந்து எழும்பும். ஓலையைச் சுருட்டி ஓரங்களைச் சேர்ப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 22ஆம் நாளில் கழுத்துப் பகுதியில் ஓரங்கள் முதலில் ஒட்டும். அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடிக்கொண்டே போகும். தலைப்பக்க வாய் ஏறத்தாழ 25ஆம் நாளிலும், வால்பக்க வாய் 28ஆம் நாளையொட்டியும் மூடும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாவதில்லை, குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பைஃபிடா. தண்டுவடம் முதுகில் வெளியே தெரியும். பிறந்து வாழ்வார்கள், ஆனால் கால் அசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம்.

மூன்று மாதம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நான் சொன்ன 28 நாள் கருவுற்றதிலிருந்து. மருத்துவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் அது 42ஆம் நாள். 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆம் நாளில் மாதவிடாய் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்து 35ஆம் நாளில் சோதிக்கிறார். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறார். அன்று மாத்திரை எழுதித் தந்தால் குழல் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். அதனால்தான் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். கயல், உங்கள் கையேட்டில் ‘நான்காம் வாரம்’ என்று இருந்தால் எதிலிருந்து எண்ணிய வாரம் என்று கட்டாயம் பாருங்கள்.

கயல்விழி:
பார்த்தேன். ‘கர்ப்பத்தின் நான்காம் வாரம்’ என்று வெறுமனே எழுதியிருந்தேன். ‘கருவுற்ற நான்கு வாரத்துக்குள், அதாவது மாதவிடாய் தள்ளிப்போன இரண்டு வாரத்துக்குள்’ என்று மாற்றிவிட்டேன். நன்றி அக்கா.

ரேவதி:
நான் இந்தக் குழுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் முதல் குழந்தைக்குத் தலைப்பக்கம் மூடவில்லை என்று ஸ்கேனில் சொன்னார்கள். அறிக்கையைத் தமிழில் விளக்கியவர் ‘குறைபாடு’ என்றார். நான் சரியாகச் சாப்பிடாததால் வந்தது என்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருடம் அப்படியே நம்பினேன். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் வையுங்கள், குறைபாடு மட்டும் வேண்டாம்.

இளவேனில்:
ரேவதி, எழுதியதற்கு நன்றி. இப்படிக் குழந்தையை இழந்த பலரின் இரத்தத்தில் ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமில வகைச் சத்தின் அளவு வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கும். வேகமாகப் பெருகும் செல்கள் டிஎன்ஏவைக் கட்டுவதற்கு ஃபோலேட் வேண்டும் என்பது தெரியும். ஆனால் கூடுதலாகக் கொடுப்பது குழல் மூட எப்படி உதவுகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. மரபணுக்களுக்கும் பங்கு உண்டு, வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் போன்ற மருந்துக்கும் பங்கு உண்டு. 1991இல் வெளியான ஆய்வில், முன்பு இப்படிக் குழந்தை பெற்ற பெண்களுக்குத் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. மாத்திரை எடுத்தும் சிலருக்கு நேர்ந்தது. ஆகவே பற்றாக்குறை என்ற பொருள் தரும் சொல் மருத்துவத்துக்கும் பொருந்தாது.

என் முன்மொழிவு: ‘நரம்புக்குழல் மூடாமை’.

முத்தரசன்:
ரேவதி அம்மா எழுதியதைப் படித்த பிறகு குறைபாட்டை நானும் கைவிடுகிறேன். ஆனால் ‘மூடாமை’ என்றால், யார் மூடவில்லை என்று ஒரு கேள்வி எழுகிறது. மூடு என்பதில் செய்வினையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓரங்கள் தாமாகச் சேர்வதல்லவா நிகழ்ச்சி? ‘நரம்புக்குழல் கூடாமை’ என்பதே துல்லியம். எலும்பு கூடியது, புண் கூடியது என்று சொல்கிறோமே.

சாதிக்:
ஐயா, கூடாமை என்றதும் ‘கூடாது’தான் மனதில் வருகிறது. கர்ப்பிணிக்குத் தரும் தாளில் ஏற்கெனவே அது கூடாது, இது கூடாது என்று நிறைய இருக்கும். ‘கதவு மூடிக்கொண்டது’ என்கிறோம், அங்கே செய்தவர் யாருமில்லையே. மூடாமைக்கு என் வாக்கு. பிளவைத் திரும்பப் பெறுகிறேன்.

இளவேனில்:
என் சொல்லுக்கே ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. மண்டையோட்டு இடைவெளி வழியாக மூளையின் பகுதி வெளியே பிதுங்கும் வகையும் இதே தலைப்பில்தான் வருகிறது. அதில் பெரும்பாலும் குழல் மூடிய பிறகுதான் பிழை நேர்கிறது என்று கருதுகிறார்கள். தோல் மூடியபடி இருக்கும் சில தண்டுவடப் பிழைகளும் இப்படித்தான். பாடநூலில் பொதுச்சொல்லாக ‘நரம்புக்குழல் பிறவிக்கோளாறு’ என்றே எழுதுவேன். கையேட்டுக்கு மூடாமை போதும்.

முத்தரசன்:
ஒரு பொருளுக்கு இரண்டு சொல் வைத்தால் பத்தாண்டில் இரண்டும் குழம்பும். ‘கோளாறு’ என்பதும் இயந்திரத்துக்குச் சொல்வது போல இருக்கிறது. என் வாக்கு கூடாமைக்கே, பதிவில் இருக்கட்டும்.

கயல்விழி:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு பேர் மூடாமை என்கிறீர்கள், அதையே போடுகிறேன். வரி இப்படி வருகிறது: ‘நரம்புக்குழல் மூடாமை என்பது, மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருவுற்ற முதல் நான்கு வாரத்தில் முழுதாக மூடாமல் நின்றுவிடுவது. கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் பலருக்கு இதைத் தடுக்கலாம்.’

ரேவதி:
‘பலருக்கு’ என்று எழுதியது நல்லது. ஆனால் முன்பு இப்படிக் குழந்தை பெற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம் போதாது என்ற வரி காணவில்லையே? இரண்டாவது தடவை எனக்கு 5 மில்லிகிராம் தனியாக எழுதித் தந்தார்கள். சாதாரண மல்டிவைட்டமினையே நிறையச் சாப்பிட்டு அந்த அளவைச் சேர்க்கக் கூடாது, வைட்டமின் ஏ மிதமிஞ்சிவிடும் என்றும் சொன்னார்கள். அதற்கு இடம் இருக்குமா?

கயல்விழி:
இடம் பண்ணிவிட்டேன். பக்கத்தில் இருந்த படத்தைச் சிறிதாக்கிவிட்டேன்.