உதவி: ஒரு முனை மூடிய பிவிசி குழாயில் 170 ஹெர்ட்ஸ் கேட்கவே இல்லை, 513-ல்தான் முதல் முழக்கம். எது அடிப்படை?

வேளச்சேரி_பிளஸ்ஒன்: உள்நீளம் 50 செ.மீ., உள்விட்டம் 4 செ.மீ. அடியில் எண்ட் கேப். வாய்க்கு நேராக போனைப் பிடித்து, டோன் ஜெனரேட்டர் செயலியில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினேன். 513, 855, 1197-ல் சத்தம் திடீரென்று பெருகியது. 340/(4×0.5) போட்டால் 170 வருகிறது, அங்கே ஒன்றுமில்லை. 513-ஐ அடிப்படை என்று வைத்தால் 855/513 = 1.67, முழு எண் இல்லை.

தரமணி_ராகவன்: அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளின் வித்தியாசத்தைப் பாருங்க, 342. அதுதான் அடிப்படை.

பெரம்பூர்_ஒலி: ராகவன் சார், தந்திக்கும் இருபுறம் திறந்த குழாய்க்கும் அது சரி. இங்கே 513-ஐ 342-ஆல் வகுத்தால் 1.5. பாதியில் நிற்பதே ஒரு முனை மூடியது என்பதற்கு அடையாளம். மூடிய முனையில் காற்று நகர முடியாது, அதனால் கணு. திறந்த முனையில் எதிர்க்கணு. அதனால் ஒற்றைப்படை சீரிசைகள் மட்டும் நிற்கும், வித்தியாசம் அடிப்படையைப் போல இரண்டு மடங்கு. அடிப்படை 171. தம்பி கண்டது 3, 5, 7-ஆம் சீரிசைகள். 513 மூன்றாம் சீரிசை, ஆனால் முதல் மேற்சுரம். தேர்வில் மார்க் போவது இந்த இடத்தில்தான்.

171 கேட்காததற்குக் காரணம் குழாய் இல்லை, போனின் சிறிய ஸ்பீக்கர். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அது பலமாகத் தராது. பெரிய ஸ்பீக்கரை வைத்து 160 முதல் 180 வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்த்துங்க.

கணக்கில் 170 வந்தது தற்செயல். நம்ம ஊர் 32 டிகிரியில் ஒலியின் வேகம் சுமார் 351 மீ/வி. எதிர்க்கணுவும் வாயைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே இருக்கும், விட்டத்தில் 0.3 பங்கு, அதாவது 1.2 செ.மீ. சேருங்க. 351/(4×0.512) = 171. இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

மயிலை_வீணை: என் வீணையிலும் இதே சிக்கல். தந்தியை நடுவில் லேசாகத் தொட்டு மீட்டினால் மேல் ஸ்தாயி வர வேண்டும், சத்தமே எழவில்லை. தந்தியும் ஒற்றைப்படைதானா?

பெரம்பூர்_ஒலி: இல்லைம்மா, தந்தியின் இரு முனையும் கணு, எல்லா சீரிசையும் வரும். நீங்க மீட்டுவதும் நடுவை ஒட்டியா? இரண்டாம் சீரிசைக்கு அங்கே கணு, அசைத்தாலும் எழாது. குதிரைப் பக்கம் தள்ளி மீட்டுங்க. தந்தி ஒலித்ததும் தொட்ட விரலை எடுத்துடுங்க.

வேளச்சேரி_பிளஸ்ஒன்: பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது அண்ணா! ஆனால் 168-ல். கேப்பைக் கழற்றினால் 335, 670, 1005.

பெரம்பூர்_ஒலி: திறந்ததில் இரு முனைக்கும் 1.2 சேர்த்தால் 52.4 செ.மீ., 335 சரியாகப் பொருந்துது. 168-க்கு, ஸ்பீக்கரை வாயருகே ஒட்டி வைத்தீங்களா? வாய் பாதி மறைந்தால் அதிர்வெண் இறங்கும். பத்து செ.மீ. தள்ளி வைத்துப் பாருங்க.

தரமணி_ராகவன்: காதால் உச்சத்தைப் பிடிக்கும்போது மூன்று ஹெர்ட்ஸ் தவறுவது சகஜம்னுதான் எனக்குத் தோணுது.

வேளச்சேரி_பிளஸ்ஒன்: தள்ளி வைத்தேன், 170. இன்னும் ஒன்று குறைகிறது.