‘ஓ பிரியா பிரியா’ தமிழில் பாடியது யார்? கச்சேரியில் வந்த சண்டை

கல்மண்டபத்தான்
ராயபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழு ‘இதயத்தைத் திருடாதே’யிலிருந்து ‘ஓ பிரியா பிரியா’வை எடுத்தார்கள். மேடையில் பாடியவர் “அடுத்து எஸ்.பி.பி. சார் பாட்டு” என்று அறிவித்ததுமே எங்கள் மேசையில் சத்தம் கிளம்பிவிட்டது. நான் மனோ என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த மாமா, “மனோவா? போப்பா, அது பாலு குரல். சின்ன வயசுலேர்ந்து கேக்கறேன்” என்றார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, அவர் சின்ன வயதில் கேட்டது இதன் தெலுங்கு மூலமான ‘கீதாஞ்சலி’. அதில் பாடியது எஸ்.பி.பி.தான். தமிழுக்கு வந்தபோது நாயகன் பாட்டெல்லாம் மனோ கைக்குப் போனது. இந்தப் பாட்டில் சித்ரா மட்டும் இரண்டிலும் இருக்கிறார். குழப்பத்துக்குப் பாதிக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். பெண் குரல் அதே குரலாக இருந்தால் ஆண் குரலும் அதேதான் என்று காது தானாக முடிவு கட்டிவிடுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

தண்டையார்பேட்டை சுந்தரி
எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். டப்பிங் படம் என்றால் நாயகனுக்குப் பாடகர் மாறுவார், நாயகிக்கு மாறமாட்டார். நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன், இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பழைய கேசட்
மறுக்க நான் வந்துவிட்டேன் அம்மா. ‘தில் சே’ இந்தியில் ‘ஜியா ஜலே’ லதா மங்கேஷ்கர். தமிழ் ‘உயிரே’வில் அதே மெட்டு ‘நெஞ்சினிலே நெஞ்சினிலே’, பாடியது எஸ்.ஜானகி. நாயகிக் குரல்தானே மாறியது? ‘சந்தோஷக் கண்ணீரே’ இரண்டிலும் ரஹ்மானே. ‘ரோஜா’வில் ‘சின்னச் சின்ன ஆசை’யை இந்திக்கும் மின்மினியே பாடினார். ஆக விதி என்று ஒன்றும் கிடையாது, பாட்டுக்குப் பாட்டு பார்க்க வேண்டியதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்தவன் நான். வாடிக்கையாளர் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார், நாங்கள் 60, 90 கேசட்டில் ஏற்றித் தருவோம். அதே தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. அதனால் ‘கீதாஞ்சலி’, ‘இதயத்தைத் திருடாதே’ இரண்டுமே கடையில் இருக்கும். ‘ஓ பிரியா’ கேட்டு வாங்கிப் போய், “இது அந்தப் பாட்டு இல்லை” என்று திருப்பிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அப்போது நான் இரண்டு டெக்கிலும் ஒவ்வொன்றைப் போட்டுக் காட்டுவேன்.

எங்கே கேட்கவேண்டும் என்று சொல்கிறேன். பாட்டு தொடங்கும் இடத்தில் இரண்டு மொழியிலும் சொல் ஒன்றுதான்: ‘ஓ பிரியா பிரியா’. மெட்டும் அதே, இசையும் அதே. மாறுவது தொண்டை மட்டும். சரணத்துக்குப் போனால் சொற்கள் வேறு, உங்கள் கவனம் வரிகளில் போய்விடும். அதனால் அந்த முதல் அழைப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எஸ்.பி.பி. ‘ஓ’வை அடிவயிற்றிலிருந்து கனமாக எடுக்கிறார். மனோவின் ‘ஓ’ கொஞ்சம் மெல்லியது, மேலே போகப் போகக் கூர்மையாகிறது. இது என் காது சொல்வது. உங்கள் காதுக்கு வேறாகப் படலாம்.

கல்மண்டபத்தான்
அண்ணே, அதே படத்தில் ‘காவியம் பாடவா’வில் செய்து பார்த்தேன். தெலுங்கில் ‘ஆமனி பாடவே’. அங்கே எனக்கு இன்னும் பெரிய வித்தியாசம் தெரிந்தது.

பழைய கேசட்
தெரியத்தான் செய்யும், ஆனால் அதை முழுசாக நம்பாதீங்க தம்பி. தெலுங்கில் ‘பாடவே’ என்று ஏகாரத்தில் இழுக்கிறார். தமிழில் ‘பாடவா’ என்று ஆகாரத்தில். ஒரே ஆள் பாடினாலும் ஆகாரத்தில் வாய் அகலத் திறக்கும், குரல் வேறு மாதிரி ஒலிக்கும். ஒரே உயிரெழுத்து விழும் இடங்களை மட்டும் ஒப்பிட்டால்தான் குரலைப் பற்றி ஏதாவது சொல்லலாம்.

இன்னொன்று செய்யுங்கள். முதலில் ஒரே ஆள் இரண்டு மொழியிலும் பாடியதைக் கேட்டுக் காதைப் பழக்குங்கள். 1983இல் வந்த ‘சாகர சங்கமம்’, தமிழில் ‘சலங்கை ஒலி’. ‘தகிட ததிமி’ இரண்டிலும் எஸ்.பி.பி. தொடக்கச் சொல்லும் ஒன்றே. மொழி மாறினால் ஒரே குரல் எவ்வளவு மாறும் என்பது அதில் தெரியும். அந்த அளவைத் தாண்டிய மாற்றம் இருந்தால்தான் வேறு ஆள் என்று சந்தேகப்பட வேண்டும்.

மகாராணி ரசிகன்
படத்தின் நாயகன் நாகார்ஜுனாவுக்குத் தமிழில் யார் குரல் கொடுத்தது என்றுதானே கேள்வி? தியேட்டரில் பார்த்தபோதே அது அவர் சொந்தக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை சுந்தரி
வசனம் பேசினவர் வேறு, பாட்டுப் பாடினவர் வேறு சார். இங்கே பாட்டுப் பேச்சுதான் ஓடுகிறது. சரி, பாட்டுக் கேட்கும் செயலியில் இந்தத் தமிழ்ப் பாட்டுக்கு அடியில் எஸ்.பி.பி. பெயர் போட்டிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? என் மகள் காட்டினாள்.

வியாசர்பாடி சவுண்ட்
செயலியில் பெயரை யார் ஏற்றுகிறார்களோ அவர்கள் போட்டதுதான். தெலுங்குப் படத்தின் பட்டியலை அப்படியே தமிழுக்கு ஒட்டியிருந்தால் பெயரும் சேர்ந்தே வரும். படத்தின் டைட்டிலில் பின்னணிப் பாடகர்கள் என்று எல்லாரையும் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள், எந்தப் பாட்டு யார் என்று அங்கே தெரியாது. கேசட், இசைத்தட்டு உறையில் பாட்டுக்குப் பாட்டு அச்சிட்டிருந்தால் அதுதான் கைக்கு உறுதியானது.

நான் கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பு செய்பவன், அதனால் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறேன். கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பாட்டுகளில் வேகம் கூடிப் போயிருக்கும். அரை சுருதி ஏறினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடிவிட்டது என்று அர்த்தம். 5 நிமிடப் பாட்டில் 17 நொடி போல் காணாமல் போகும். அப்படி ஓடும்போது எஸ்.பி.பி. குரலே மெலிந்துவிடும், ‘இது மனோ’ என்று சத்தியம் செய்வீர்கள். அதனால் முதலில் இடையிசையைக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே சுருதியில் நிற்கவில்லை என்றால் குரலை ஒப்பிட்டுப் பயனில்லை.

பழைய கேசட்
உண்மை தம்பி. என் கடை டெக்கிலேயே ஒன்று கொஞ்சம் ஓடும், மற்றது கொஞ்சம் இழுக்கும். அதனால் ஒரு தடவை கேசட்டை மாற்றிப் போட்டும் காட்டுவேன்.

கல்மண்டபத்தான்
மாமாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். “தெலுங்குல பாலு, தமிழ்ல மனோவா இருக்கலாம். ஆனா மனோவும் தெலுங்குக்காரர்தானே?” என்றார். அதில் என்ன நிரூபணம் என்று எனக்குப் புரியவில்லை, விட்டுவிட்டேன். இப்போது என் சந்தேகம் கோரஸ் குரல்களைப் பற்றி. இரண்டு படத்திலும் அதே பதிவா, தமிழுக்குப் புதிதாகப் பாடவைத்தார்களா?

வியாசர்பாடி சவுண்ட்
குறுந்தட்டிலிருந்து எடுத்த பதிவு இரண்டு மொழியிலும் கிடைத்தால் சோதிக்கலாம். இரண்டையும் நூலிழை பிசகாமல் பொருத்தி, ஒன்றின் ஒலி அலையை மட்டும் மேல் கீழாகத் திருப்பிச் சேர்த்து ஓட்டினால், ஒரே பதிவாக இருக்கும் பகுதி அடங்கிவிடும், புதிதாகப் பாடியது மட்டும் நிற்கும். கலவையைத் தமிழுக்காகத் திரும்பச் செய்திருந்தால் சரியாக அடங்காது. கேசட்டிலிருந்து எடுத்ததில் இது வேலைக்கே ஆகாது. தெலுங்குத் தட்டு என்னிடம் இருக்கிறது, தமிழ்த் தட்டு யாரிடமாவது இருக்கிறதா?

மகாராணி ரசிகன்
என்னிடம் தமிழ்த் தட்டு இருக்கிறது. கொடுக்கிறேன். ஆனால் வசனம் பேசினது யார் என்று யாராவது சொல்லுங்கள்.