பாடநூலுக்கு அவசரமாக ஒரு சொல்: சட்டமன்றம் தன் பணியையே கைமாற்றிவிடுவது

மல்லிகா:
அன்புடையீர், சட்டக் கல்லூரியில் தமிழில் தேர்வு எழுதும் மாணவர்களுக்காக நிருவாகச் சட்டப் பாடம் ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'எக்ஸெஸிவ் டெலிகேஷன்', 'எசென்ஷியல் லெஜிஸ்லேட்டிவ் ஃபங்ஷன்' ஆகிய இரண்டுக்கும் சொல் தேவை. இரண்டாவது, சட்டமன்றம் பிறரிடம் விடாமல் தானே செய்ய வேண்டிய பணி. முதலாவதற்கு 'வரம்பு மீறிய அதிகார ஒப்படைப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

இளங்குமரன்:
அம்மா, நான்கு சொற்கள் எதற்கு? 'மிகை ஒப்படைப்பு' போதும். மிகை என்பதற்குக் குற்றம் என்னும் பொருளும் உண்டு. 'மிகை பொறுத்தருள்க' என்று எழுதுகிறோம் அல்லவா? அளவு கூடியது, அதனால் குற்றமானது என்ற இரு பொருளும் ஒரே சொல்லில் அமைகின்றன. 'அதிகாரம்' வடசொல் என்பதால் அதையும் விட்டுவிடலாம். ஒப்படைப்பில் உள்ள 'ஒப்பு' என்பது ஒத்தல், இசைதல் ஆகியவற்றோடு உறவுடையது. பெறுபவரும் இசைந்தால்தான் அது ஒப்படைப்பு. ஒப்பந்தம், ஒப்புகை, ஒப்புரவு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவையே. இதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

செல்வராணி:
எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் சொல் கிடைக்கலாம். எங்கள் கடையின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, விதியில் அச்சிட்டிருந்த கட்டணத்துக்கு மேல் ஓர் அலுவலர் கேட்டார். விதியைக் காட்டியதற்கு, "எங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள்" என்றார். மிகை ஒப்படைப்பு என்பது இதுதானே?

ஞானசேகரன்:
செல்வராணி அம்மா, உங்கள் குறை நியாயமானது, ஆனால் இது அதுவன்று. உங்களுக்கு நேர்ந்தது, கொடுத்த அதிகாரத்தைப் பெற்றவர் தாண்டியது. அங்கே அந்த வசூல் மட்டும் செல்லாது. சட்டமும் விதியும் அப்படியே நிற்கும். மல்லிகா அவர்கள் கேட்பது, கொடுத்தவரே, அதாவது சட்டமன்றமே, கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்ட குற்றம். அப்போது சட்டத்தின் அந்தப் பிரிவே விழும், அதன் கீழ்ப் பிறந்த விதிகளும் கூடவே விழும். பெற்ற அலுவலர் ஓர் அங்குலமும் மீறாமல் நடந்திருந்தாலும் விழும். ஆகவே 'வரம்பு மீறிய' என்ற அடை இங்கே ஆகாது. அது பெற்றவரின் மீறலுக்கு ஏற்கெனவே வழங்குகிறது, மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

'மிகை' என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. குற்றம் அளவில் இல்லை, கொடுத்த பொருளின் தன்மையில் இருக்கிறது. புதுச்சேரி விற்பனை வரி வழக்கைப் பாருங்கள். புதுச்சேரிச் சட்டமன்றம் 1965-இல் ஒரு சிறிய சட்டம் இயற்றியது. சென்னை மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டம், புதுச்சேரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன் சென்னையில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில், சில மாற்றங்களோடு புதுச்சேரிக்கும் பொருந்தும் என்றது. நடைமுறைக்கு வரும் நாளை அரசு அறிவிக்கும் என்றது. 1966 மார்ச்சு 1 அன்று அறிவிக்கை வந்தது, ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இடைப்பட்ட காலத்தில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே புதுச்சேரி வணிகர்மேல் வந்து விழுந்தது, புதுச்சேரி உறுப்பினர்கள் வாக்களித்தபோது இல்லவே இல்லாத ஒரு சட்டம்.

ஷாமா ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் இதைச் செல்லாது என்றது. சென்னைச் சட்டத்தை அன்றிருந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தால் தவறில்லை. பிறர் எழுதியதைப் படித்துப் பார்த்து ஏற்பதும் சட்டமியற்றலே. இனிமேல் அவர்கள் எதை எழுதினாலும் எங்களுக்குச் சம்மதம் என்பதுதான் பிழை. அரசமைப்பு புதுச்சேரிக்கு ஒரு சட்டமன்றத்தை அமைக்க வழிசெய்தது அங்குள்ள மக்களின் பேராளர்கள் முடிவெடுப்பதற்காக. சென்னைச் சட்டமன்றத்துக்குப் புதுச்சேரி மக்கள் வாக்களிப்பதில்லை, எனவே வரியைப் பற்றி அவர்கள் யாரைக் கேள்வி கேட்பது? வழக்கு நிலுவையில் இருந்தபோது புதுச்சேரிச் சட்டமன்றம் முன்தேதியிட்டு ஒரு திருத்தச் சட்டம் போட்டுப் பார்த்தது. இறந்தே பிறந்த சட்டத்துக்குத் திருத்தத்தால் உயிர் வராது என்று மூன்று நீதிபதிகள் சொன்னார்கள், இருவர் உடன்படவில்லை. (அந்த இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பது என் கருத்து, திருத்தும்போதாவது மன்றம் அந்தச் சட்டத்தைத் தெரிந்தே ஏற்றது அல்லவா?)

இளங்குமரன்:
ஐயா, அப்படியானால் வரி விகிதத்தை அரசிடம் விடுவதும் குற்றம்தானே? விகிதமே வரியின் உயிர்.

ஞானசேகரன்:
பாதி சரி. பஞ்சாப் விற்பனை வரிச் சட்டம் முதலில், அரசு விதிக்கும் விகிதத்தில் வரி என்று மட்டும் சொன்னது. உச்சவரம்பும் இல்லை, வழிகாட்டும் கொள்கையும் இல்லை. பிறகு, ரூபாய்க்கு இரண்டு பைசாவுக்கு மேற்படாமல் என்று திருத்தினார்கள். தேவி தாஸ் கோபால் கிருஷ்ணன் வழக்கில் முந்தைய வடிவம் விழுந்தது, பிந்தையது நின்றது. விகிதத்தை விடலாம்; எதுவரை, எதற்காக என்பதை மன்றமே சொல்லியிருக்க வேண்டும். விதிகளை மூடிவைத்துச் சட்டத்தை மட்டும் படித்தால் அரசின் கைக்கு ஒரு கட்டு தென்பட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே என் முன்மொழிவு 'தகா ஒப்படைப்பு'.

மல்லிகா:
ஐயா, 'தகாத' என்றாலே நாளிதழ்ச் செய்திதான் மாணவர்களுக்கு நினைவுக்கு வரும். வகுப்பில் சிரிப்பு அடங்காது. இரண்டாவது சொல்லுக்குச் 'சட்டமியற்றும் கருப்பணி' என்று எழுதிப் பார்த்தேன். உடன் பணிபுரிபவர் அதைக் 'கருப்பு அணி' என்று படித்தார்.

தயாபரன், யாழ்ப்பாணம்:
எங்கள் பக்கத்தில் 'கையளித்தல்' அன்றாடச் சொல். இலங்கையின் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 76-ஆம் உறுப்புரையில், பாராளுமன்றம் தன் சட்டமாக்கும் அதிகாரத்தைத் துறக்கவோ எவ்விதத்திலும் பிறருக்கு உரிமையாக்கவோ கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது; குறித்த நோக்கங்களுக்குத் துணைநிலைச் சட்டம் ஆக்க ஒருவரை அனுமதிப்பதை இந்தத் தடையிலிருந்து விலக்கி வைக்கிறது. உங்கள் அரசமைப்பில் அத்தகைய வாசகம் இல்லை, நீதிபதிகள் உய்த்துணர்ந்தார்கள். ஆகவே 'அதிகாரத் துறப்பு' என்று சொன்னால் இரு நாட்டுக்கும் பொருந்துமே?

ஞானசேகரன்:
நல்ல சொல், ஆனால் இங்கே அதை ஏற்றால் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் ஆவோம். குவாலியர் ரேயான் வழக்கில், 1973-இல், நீதிபதி மாத்யூ இந்த வழியில்தான் போனார்: கொடுத்த அதிகாரத்தை மன்றம் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், ஆகவே அது எதையும் துறந்துவிடவில்லை என்றார். நீதிபதி கன்னா ஏற்கவில்லை. திரும்பப் பெற முடியும் என்பதே போதுமானால் எதையும் கொடுத்துவிடலாம், கொள்கையை வகுக்கும் கடமை வெறும் பேச்சாகிவிடும் என்பது அவர் பக்கத்து வாதம். இருவருமே அந்த வழக்கில் எதிர்க்கப்பட்ட வரிப் பிரிவைச் செல்லும் என்றுதான் முடித்தார்கள், வழிதான் வேறு. 1951-இல் தில்லிச் சட்டங்கள் குறித்துக் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துக்கு ஏழு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். நாம் ஐந்து பேர் ஒரு சொல்லில் நிற்காததில் வியப்பில்லை.

செல்வராணி:
'மிகை ஒப்படைப்பு' எனக்குப் படித்த உடனே விளங்கியது. மற்றவற்றுக்கு நீங்கள் ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

மல்லிகா:
நேரமில்லாததால் முடிவெடுக்கிறேன். முதலாவதற்கு 'மிகை ஒப்படைப்பு'. மிகை என்பது அளவைக் குறித்ததன்று, சட்டமன்றத்தின் பிழையைக் குறித்தது என்று பாடத்திலேயே ஒரு வாக்கியம் சேர்த்து, புதுச்சேரி வழக்கை அடுத்த பத்தியில் வைக்கிறேன். இரண்டாவதற்குச் 'சட்டமியற்றலின் இன்றியமையாப் பணி'. 'அதிகாரம்' பாடத்தில் இருக்கும். இளங்குமரன் ஐயா பொறுத்தருள்க.

இளங்குமரன்:
பொறுக்கிறேன். 'இன்றியமையாப் பணி' என்றால் மருத்துவமனையும் மின்வாரியமும் அல்லவா நினைவுக்கு வரும்?

ஞானசேகரன்:
என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: 'தகா ஒப்படைப்பு'. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.