அப்பத்தா நம்பர் (குடும்பக் குழு)

வள்ளி அத்தை: எல்லாரும் பாருங்க. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கே.ஒய்.சிக்கு பேங்குக்கு வந்தேன். ஆதார் ஓடிபி வரவே இல்லை. நம்பரே உபயோகத்தில் இல்லை என்கிறது

கார்த்தி: அத்தை நேற்று ராத்திரி கூட அப்பத்தா வீடியோ காலில் பேசினாங்களே

திவ்யா: அது வைஃபை. சிம் செத்தாலும் வாட்ஸ்அப் ஓடும். அதனால்தான் நம்ம யாருக்கும் தெரியலை

பெரியப்பா: பேலன்ஸ் 20 ரூபாய் இருந்தால் நம்பரை எடுக்கக் கூடாது என்று டிராய் சட்டம் இருக்கிறது. சண்டை போடுங்கள்.

செல்வம் மாமா: அத்தான் சொல்வது சரிதான், 2013 விதி. ஆனால் அது மெயின் பேலன்ஸ். நாம் போடுவது 28 நாள் பேக், அதில் மெயின் பேலன்ஸில் ஒரு ரூபாய் கூட சேராது. கடைசியாக எப்போது போட்டது?

கார்த்தி: நான்தான் மாமா. பிப்ரவரி 10

பெரியப்பா: மாதாமாதம் போடுவது உன் பொறுப்பு என்று பேசினோமே

கார்த்தி: மார்ச்சிலிருந்து சித்தப்பா போடுவதாகப் பேச்சு

சிங்கப்பூர் கண்ணன்: யார் சொன்னது??

வள்ளி அத்தை: ஆரம்பிக்காதீங்க. மேனேஜர் சாப்பிடப் போகிறார்

செல்வம் மாமா: கணக்கைப் பாருங்கள். பேக் மார்ச் 9-இல் முடிந்தது. அதற்கப்புறம் சில நாள் இன்கமிங் வந்திருக்கிறது, கால் லிஸ்டில் கடைசி அழைப்பு மார்ச் 16 என்று திவ்யா பார்த்துச் சொன்னாள். அந்தத் தேதியிலிருந்து 90 நாள் ஒரு அழைப்பு, நாம் அனுப்பிய ஒரு எஸ்.எம்.எஸ், கொஞ்சம் டேட்டா, எதுவும் இல்லை என்றால்தான் நம்பரை நிறுத்தலாம். வெறும் இன்கமிங் கால் வந்தாலே உபயோகம்தான், ஆனால் பேக் முடிந்து இன்கமிங்கையும் அடைத்துவிட்டால் அது எப்படி வரும்? வைஃபையில் பேசியது எதுவும் கணக்கில் சேராது. ஆக ஜூன் 14. அதன் பிறகு 15 நாள் சலுகை, அதற்குள் போய்க் கேட்டால் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அதே நம்பரைக் கொடுத்தாக வேண்டும். ஜூன் 29 வரை நேரம் இருக்கிறது.

பெரியப்பா: இன்று 22.

கார்த்தி: இப்பவே 28 நாள் பேக் போட்டுப் பார்க்கவா

செல்வம் மாமா: போடாதே. நின்ற நம்பரை ஆப் ஏற்காது. கம்பெனி ஷோரூமுக்கே போக வேண்டும், முக்குக் கடையில் ஆகாது. சிம் யார் பேரில்?

வள்ளி அத்தை: கண்ணன் பேரில். அன்றைக்கு அம்மாவுக்குக் கை ரேகை விழவில்லை

செல்வம் மாமா: அப்படியானால் அவர்தான் ஆதாரோடு நேரில் நிற்க வேண்டும்.

சிங்கப்பூர் கண்ணன்: நான் காதுகுத்துக்கு ஜூலை 5 தான் வருகிறேன். டிக்கெட் போட்டாச்சு

பெரியப்பா: அம்மா பேரில் வாங்கு என்று அன்றைக்கே சொன்னேன்.

சாந்தி சித்தி: காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் யார் எடுப்பது என்று முடிவாகலையே

திவ்யா: சித்தி ப்ளீஸ் 😭

சிங்கப்பூர் கண்ணன்: 29 தாண்டினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களா?

செல்வம் மாமா: உடனே கொடுக்க மாட்டார்கள், நிறுத்திய பின் 90 நாள் சும்மா வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் நமக்குத் தருவது அவர்கள் இஷ்டம். வேறு ஆள் கைக்குப் போய் அவர் வாட்ஸ்அப் போட்டால் அம்மாவுடையது வெளியே தள்ளிவிடும், பேங்க் எஸ்.எம்.எஸ் எல்லாம் அவருக்குப் போகும். அதனால் நம்பருக்குக் காத்திருக்காமல் ஆதாரில் வேறு நம்பரை மாற்றுங்கள். தபால் ஆபீஸில் ஆதார் கவுண்டர் இருக்கும், கட்டணம் 75 ரூபாய், பழைய நம்பருக்கு ஓடிபி கேட்க மாட்டார்கள், வேறு சான்றும் வேண்டாம். அம்மா நேரில் வந்தால் போதும். ரேகை விழாவிட்டால் கண்ணைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஆதாரில் மாற்றினால் அங்கெல்லாம் தானாக மாறாது.

வள்ளி அத்தை: அந்த நம்பர் அப்பா பார்த்து எடுத்தது. ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம்

பெரியப்பா: யார் நம்பரை ஆதாரில் கொடுப்பது?

வள்ளி அத்தை: என்னுடையது. நான்தானே கூட இருக்கிறேன்

பெரியப்பா: அம்மா பேரில் புது சிம் வாங்குவதுதான் முறை.

கார்த்தி: 😶

சிங்கப்பூர் கண்ணன்: ஒரு நாள் லீவு கிடைத்தால் 28 வந்துவிட்டுத் திரும்பவா?

செல்வம் மாமா: வந்தால் நல்லது. ஆனால் சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ் வராது, அன்றைக்கே ஓடிபி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

சிங்கப்பூர் கண்ணன்: டிக்கெட் விலை பார்த்துச் சொல்கிறேன்

வள்ளி அத்தை: நாளைக்குத் தபால் ஆபீஸ். கார்த்தி வண்டி எடுத்து வா. நம்பர் விஷயம் அங்கே போய்ப் பேசிக்கலாம்

சாந்தி சித்தி: அப்போ சீர்?