கீழ்நோக்கிய கேமராவில் களத்து மார்க்கரைப் பார்த்து இறங்கும் ட்ரோன்: உங்கள் அனுபவம் என்ன?

நீடாமங்கலம்

சம்பா அறுவடை முடிந்து மாமாவின் சிமென்ட் களம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் ஒரு மாதமாக வேலை. நான்கு விசிறி ட்ரோன், அடிவயிற்றில் கேமரா, ஒரு ராஸ்பெர்ரி பை. தரையில், கேமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டமான 40 செ.மீ. ஆருகோ மார்க்கர் ஒட்டிய பலகை. மார்க்கரின் நடுப்புள்ளி படத்தின் நடுவிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறதோ, அதை ஒரு எண்ணால் பெருக்கி அந்தப் பக்கம் வேகம் கொடுக்கிறேன். அவ்வளவுதான் என் கன்ட்ரோலர்.

3 மீட்டர் உயரத்தில் அழகாக மேலே வந்து நிற்கிறது. கீழே இறங்க இறங்க ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கிறது. ஆட்டம் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிறது. ஒரு மீட்டருக்குக் கீழே போனதும் மார்க்கரே படத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. நேற்று பலகையிலிருந்து இரண்டு அடி தள்ளி, வைக்கோல் போரின் ஓரத்தில் இறங்கி ஒரு விசிறி உடைந்தது. இதைத் தாண்டி வந்தவர்கள் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கும்பகோணம்

எனக்கும் இதே ஆட்டம் வந்துச்சு தம்பி. பெருக்குற எண்ணைப் பாதியாக்குங்க, நின்னுடும். நான் 0.004-ல இருந்து 0.002-க்கு இறக்கினேன், ஆட்டம் அடங்கிடுச்சு. ஒரே குறை, மேலே இருக்கும்போது ரொம்ப மந்தமா நகரும். காத்து அடிச்சா மார்க்கரை எட்டவே மாட்டேங்குது. அதுக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கல.

திருத்துறைப்பூண்டி

நான் மூணு வருஷமா மருந்தடிக்கிற ட்ரோன் ஓட்டுறேன். எங்க வண்டியில ஆர்.டி.கே.ங்கிற துல்லிய ஜி.பி.எஸ். இருக்கு, கிளம்பின இடத்துலயே வந்து உட்காரும். கேமராவெல்லாம் எதுக்குன்னு எனக்குப் புரியல. ஒரு தடவை தென்னந்தோப்புக்கு நடுவுல சிக்னல் போய் வரப்பு மேல இறங்கிச்சு. அதைத் தவிர பிரச்சினையே வந்ததில்ல.

தஞ்சாவூர்

திருத்துறைப்பூண்டி அண்ணே, ஆர்.டி.கே. கிளம்பின இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், சரிதான். பலகையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் அதற்குத் தெரியாது. ஆலை கோடவுனுக்குள்ளே அதற்கு சிக்னலும் கிடைக்காது. தம்பி கேட்பது அந்த மாதிரி இடத்துக்கு.

கும்பகோணத்தார் சொன்னதில் பாதி சரி. பிக்சலை அப்படியே பெருக்குவதுதான் முதல் தவறு. என் கேமராவில் fx, அதாவது பிக்சலில் சொல்லும் குவியத் தூரம், 530 வருகிறது. 100 பிக்சல் விலகல் என்றால் 3 மீட்டர் உயரத்தில் தரையில் 57 செ.மீ. அதே 100 பிக்சல் அரை மீட்டர் உயரத்தில் 9 செ.மீ.தான். ஒரே எண்ணால் பெருக்கினால், கீழே 9 செ.மீ. நகர வேண்டிய இடத்தில் 57 செ.மீ.க்கு உரிய வேகத்தில் பாயும். எண்ணைக் குறைத்தால் கீழே அடங்கும், மேலே சோம்பிவிடும். அவருக்கு நடந்தது அதுதான். பிக்சலைக் கோணமாக மாற்றி, உயரத்தால் பெருக்கி, மீட்டராக்கிவிட்டால் எல்லா உயரத்துக்கும் ஒரே எண் போதும்.

ஆனால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் இரண்டு வாரம் அதில்தான் கிடந்தேன். ட்ரோன் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் சாய வேண்டும். சாய்ந்ததும் அடியில் இருக்கிற கேமரா இடப்பக்கத் தரையைப் பார்க்கும். வலப்பக்கம் இருந்த மார்க்கர் படத்தில் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போன மாதிரி தெரியும். கன்ட்ரோலர் அதை நம்பி மேலும் சாய்க்கும். 2 மீட்டர் உயரத்தில் 8 டிகிரி சாய்ந்தாலே 28 செ.மீ. பொய் விலகல் வருகிறது. அதனால் சாய்வைக் கணக்கில் கழிக்க வேண்டும்:

```
ax = atan2(u - cx, fx) - roll
ay = atan2(cy - v, fy) + pitch
vy = 0.5 * h * tan(ax)
vx = 0.5 * h * tan(ay)
```

u, v படத்தில் மார்க்கரின் நடுப்புள்ளி, cx, cy படத்தின் நடு, h உயரம், roll பக்கவாட்டுச் சாய்வு, pitch முன்பின் சாய்வு. படத்தின் மேல்விளிம்பு மூக்குப் பக்கம் இருப்பதாக வைத்து எழுதியது. vx முன்பக்கம், vy வலப்பக்கம். roll-க்குக் கழித்தல், pitch-க்குக் கூட்டல். இரண்டுக்கும் ஒரே குறி போட்டுத்தான் நான் ஒரு லேண்டிங் கியரை இழந்தேன்.

பறக்கவிடாமலே சோதிக்கலாம். விசிறிகளைக் கழற்றிவிட்டு, மார்க்கருக்கு மேலே ட்ரோனைக் கையில் பிடித்து, இடம் மாற்றாமல் சாய்த்துப் பாருங்கள். h * tan(ax) ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். சாய்க்கச் சாய்க்க எண் ஓடினால் குறி தவறு.

நீடாமங்கலம்

சார், சொன்ன மாதிரியே கையில் பிடித்துப் பார்த்தேன். roll சரி, pitch-இல் எண் இரண்டு மடங்காக ஓடியது. pitch-க்கும் கழித்தல் குறியே போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குறியை மாற்றியதும் மெதுவாகச் சாய்த்தால் எண் நிற்கிறது. வெடுக்கென்று சாய்த்தால் மட்டும் ஒரு கணம் துள்ளிவிட்டுத் திரும்புகிறது. அது எதனால்?

தஞ்சாவூர்

படம் பழையது, சாய்வு புதியது. கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டுக் கேமரா முன் காட்டுங்கள். கைபேசியும் கேமரா படம் தெரியும் திரையும் ஒன்றாக வருகிற மாதிரி இன்னொரு போனில் புகைப்படம் எடுத்தால், இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். திரை காட்டும் தாமதமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். எனக்கு 120 மில்லி செகண்ட் வந்தது. நொடிக்கு 40 டிகிரி வேகத்தில் சாய்ந்தால், அதற்குள் கிட்டத்தட்ட 5 டிகிரி மாறிவிடுகிறது. roll, pitch அளவுகளை நேரத்தோடு ஒரு சிறிய வரிசையில் சேமித்து, படம் எடுத்த நேரத்து அளவைத் தேடிக் கழியுங்கள்.

நாகப்பட்டினம்

நான் வேறொரு விஷயத்துல மாட்டினேன். மார்க்கரை ஃபிளெக்ஸ்ல அடிச்சிருந்தேன். காலையில நல்லா பிடிக்கும். பதினோரு மணிக்கு மேல வெயில் பட்டுக் கறுப்புக் கட்டமே வெள்ளையா மின்னும், மார்க்கர் காணாமப் போயிடும். லாக்குல பார்த்தா விட்டு விட்டுத்தான் வந்திருக்கு. பிளைவுட்ல பளபளப்பு இல்லாத பெயின்ட்ல கையாலேயே வரைஞ்சேன், சரியாச்சு. சுத்தி ஒரு கட்டம் அகலத்துக்காவது வெள்ளை விடுங்க. உச்சி வேளையில ட்ரோனோட நிழல் மார்க்கரைப் பாதி மறைக்குது. அதுக்கு நான் இன்னும் நேரம் பார்த்துத்தான் பறக்க விடுறேன்.

நீடாமங்கலம்

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். சாய்வு, உயரம், தாமதம் மூன்றையும் சேர்த்ததும் ஊஞ்சல் ஆட்டம் போய்விட்டது. விலகல் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் மட்டும் இறங்கு, இல்லையென்றால் அதே உயரத்தில் நில் என்று ஒரு விதியும் வைத்தேன். காலையில் பத்து தடவை இறக்கினேன், எட்டு தடவை பலகை மேலேயே உட்கார்ந்தது.

தவறிய இரண்டும் கடைசி அரை மீட்டரில். அந்த உயரத்தில் படத்தின் குறுக்குப் பக்கத்தில் 45 செ.மீ. தரைதான் தெரிகிறது. 40 செ.மீ. மார்க்கர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் வெட்டுப்பட்டுவிடுகிறது, ஆருகோ அதை மார்க்கராகவே எடுத்துக்கொள்வதில்லை. இப்போது பக்கத்தில் 10 செ.மீ. மார்க்கர் ஒன்றைத் தனி எண்ணோடு வைத்திருக்கிறேன். ஒரு மீட்டருக்குக் கீழே அதைப் பார்த்து இறங்குகிறது. இரண்டின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 30 செ.மீ. தூரம். மாறும்போது நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில்தான் நகர்வதால் பதற்றமில்லை.

மாலையில் காற்று ஏறும்போது மட்டும் இன்னும் திருப்தி இல்லை. களத்தைக் கூட்டியிருந்தாலும் விசிறிக் காற்று பதரைக் கிளப்பி மார்க்கர் மேலே போடுகிறது, கடைசி 20 செ.மீ.யில் படம் போய்விடுகிறது. என் லிடாரும் 20 செ.மீ.க்குக் கீழே அளக்காது.

கும்பகோணம்

அந்த உயரத்துல கேமராவை விட்டுட்டு நேரா இறக்கிடுங்க தம்பி. நான் அப்படித்தான் செய்றேன்.

தஞ்சாவூர்

காற்று இல்லாத கோடவுனில் அது சரி. திறந்த களத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை, பக்கவாட்டு வேகம் மிச்சமிருந்தால் கால் இடறிக் கவிழும். மார்க்கர் போனால் நான் அரை மீட்டருக்கு மேலே ஏற்றிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறேன். மூன்று தடவை முயன்றும் கிடைக்காவிட்டால் ரிமோட்டில் நானே ஓட்டி இறக்குகிறேன்.

திருத்துறைப்பூண்டி

இப்பதான் முழுசா படிச்சேன். எங்க வண்டியை டிராக்டர் டிரெய்லர் மேல இறக்கணும்னா இது ஆகுமா? டிரெய்லர் தினமும் வேற வரப்போரம் நிக்கும். தகரத் தளம், வெயிலுக்குக் கண்ணு கூசும்.

நாகப்பட்டினம்

தகரத்து மேல பிளைவுட்டைப் போடுங்கண்ணே. அளவு பெருசா வேணும், உங்க வண்டி கால் அகலம் எவ்வளவு?