CPM, RPM: ஆயிரம் என்ன விலை?

மலர்விழி:
சேனல் நடத்துவோர் தங்கள் வருமானத்தைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோ பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். CPM, RPM இரண்டையுமே பலர் ‘ஆயிரம் பார்வைக்கான வருமானம்’ என்றே எழுதுகிறார்கள். தனித்தனித் தமிழ்ச் சொல் வேண்டும்.

கதிரவன்:
விளம்பரதாரர் கொடுப்பது CPM. அதில் யூடியூப் 45 விழுக்காடு எடுத்தபின் மிஞ்சும் 55தான் RPM. ‘மொத்த வீதம்’, ‘நிகர வீதம்’ போதுமே.

இராமநாதன்:
பங்கு சரி, கணக்கு இடிக்கிறது. CPM-இல் எண்ணுவது விளம்பரம் காட்டப்பட்ட தடவைகளை. RPM-இல் எண்ணுவது பார்வைகளை. எல்லாப் பார்வைக்கும் விளம்பரம் வருவதில்லை.

ஒரு நீள வீடியோவுக்கு 1,00,000 பார்வை என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் 40,000 தடவைதான் ஓடியது. CPM 2 டாலர். விளம்பரதாரர்கள் கொடுத்தது 80 டாலர், நம் பங்கு 44. 1,00,000 பார்வையில் நூறு ஆயிரங்கள் இருப்பதால் 44-ஐ நூறால் வகுத்தால் RPM 0.44 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் கைக்கு வருவது 3,740 ரூபாய். கதிரவன் சொன்னபடி RPM 1.10 என்று எடுத்தால் 9,350 ரூபாய் என்று கனவு காண்போம்! மேலும் RPM-இல் உறுப்பினர் கட்டணம், நேரலையில் பார்ப்பவர்கள் தரும் சூப்பர் சாட் வரவும் சேரும். ஆகவே ‘நிகர’ என்ற சொல் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும்.

செங்கல் சூளையில் “ஆயிரம் என்ன விலை?” என்றுதானே கேட்கிறோம்? CPM-க்கு ‘ஆயிர விலை’, RPM-க்கு ‘ஆயிர வரவு’ என்கிறேன். விலை கொடுப்பவர் பக்கம், வரவு வாங்குபவர் பக்கம்.

சுதா:
எனக்கு ஸ்டுடியோவில் ரூபாயிலேயே காட்டுகிறது, ஆனால் வங்கியில் குறைவாகத்தான் விழுகிறது. அந்த 45 விழுக்காட்டை இரண்டு தடவை பிடிக்கிறார்களா?

இராமநாதன்:
இல்லையம்மா. ஸ்டுடியோ காட்டுவது பங்கு போன பிறகான மதிப்பீடு. அமெரிக்காவில் இருந்து பார்த்தவர்களால் வந்த பகுதிக்கு அந்நாட்டு வரி கழியும். வரிப் படிவம் கொடுத்த இந்தியருக்கு அது 15 விழுக்காடு. அப்புறம் டாலரை வங்கி தன் விலைக்குத்தான் மாற்றும், கட்டணமும் எடுக்கும். 100 டாலர் சேராவிட்டால் அந்த மாதம் பணமே வராது.

மலர்விழி:
‘ஆயிர வரவு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பங்குக்கு என்ன சொல்லலாம்?

இராமநாதன்:
நிலக்காரர் பங்கு மேல்வாரம், உழுதவர் பங்கு குடிவாரம். அதையே எடுத்தால் என்ன?

கதிரவன்:
கணக்கில் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மேல்வாரம் 45’ என்றால் என் தம்பி எந்த வாரம், எத்தனாவது வாரம் என்று கேட்பான். நான் ‘தளப் பங்கு’ பக்கம்.

மலர்விழி:
ஷார்ட்ஸில் நமக்கு 45தான் வருகிறது, அங்கேயும் குடிவாரம் என்றே சொல்வதா? கட்டுரையில் இப்போதைக்குத் ‘தளப் பங்கு’ என்று போட்டுவிட்டு, ஆயிர விலையையும் ஆயிர வரவையும் இன்றே எழுதிவிடுகிறேன்.