கனகாம்பர நிறத்தை எங்கே ஒளித்துவைப்பது? கலர் ஸ்கிரிப்ட் அனுபவங்கள்

கரிக்கோல்

ஐந்து நிமிட அனிமேஷன் படம், 14 காட்சிகள். கதை சின்னது. தையல் கடைக்காரர் ஒருவர் மனைவி இறந்தபின் இயந்திரத்தைத் தொடாமலே இருக்கிறார். கடைசியில் பக்கத்து வீட்டுச் சிறுமியின் பாவாடைக்காக மறுபடி மிதிக்கிறார்.

ஸ்டோரிபோர்டு முடிந்ததும் காட்சிக்கு ஒரு பேனல், தீப்பெட்டி அளவில், கோடே இல்லாமல் வெறும் வண்ணத் திட்டுகளாகத் தீட்டி ஒரே தாளில் வரிசையாக ஒட்டினேன். அதுதான் என் கலர் ஸ்கிரிப்ட். ஒரு பேனலுக்குப் பத்து நிமிடம்தான் என்று கணக்கு. அதைத் தாண்டினால் கை தானாக ஜன்னல் கம்பி வரையப் போய்விடுகிறது.

ஆறாவது காட்சிதான் மனைவியின் மரணம். கரும் நீலத்தில் தீட்டியிருந்தேன், தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. கதை தெரியாத என் தங்கையிடம் தாளை நீட்டி, "இதில் எங்கே ஏதோ ஆகிவிட்டது?" என்று கேட்டேன். பன்னிரண்டாவதைக் காட்டினாள். அங்கே தெருவிளக்கு எரிகிறது, அவ்வளவுதான்! ஐந்தாவது காட்சி கடை மூடும் இரவு, ஏழாவது மழை. மூன்றும் நீலமாகி ஆறாவதை விழுங்கிவிட்டிருந்தன. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

மாலைவெயில்

சோகத்துக்கு நீலம் சரிதான், கோபத்துக்குச் சிவப்பு, பொறாமைக்குப் பச்சை. உங்கள் நீலம் போதவில்லை என்று நினைக்கிறேன். 2009இல் வந்த 'அப்' படத்தில் மனைவி இறந்ததும் வண்ணமே வடிந்துவிடும். ஆறாவதைச் சாம்பலாக்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

ஒளிப்பதிவு உதவி

இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? எங்கள் குறும்படத்தை ஒரே வெயிலில் எடுத்துவிட்டு, துக்கக் காட்சியைப் பிறகு டி.ஐ. என்கிற கணினி வண்ணத் திருத்தத்தில் நீலமாக்கினோம். நாயகியின் முகமும் சேர்ந்து நீலமாகிவிட்டது என்பது வேறு கதை.

பழைய பின்னணி

தம்பி, அது எடுத்து முடித்த படத்துக்குச் செய்வது. இவர் இன்னும் ஒரு பின்னணிகூட வரையவில்லை. சுவருக்கு என்ன நிறம், விளக்குக்கு என்ன நிறம் என்பதையே இந்தத் தாள்தான் முடிவுசெய்யப் போகிறது.

மாலைவெயில் சொன்ன படத்துக்குக் கலர் ஸ்கிரிப்ட் வரைந்தவர் லூ ரோமானோ. அங்கே வண்ணம் வடிந்தது நம் கண்ணில் பட்டதற்குக் காரணம், அதற்கு முன் இருவரும் சேர்ந்து வாழ்ந்த பகுதி நிறைந்திருந்ததுதான். ஐந்தாவது மங்கலாக இருக்கும்போது ஆறாவதைச் சாம்பலாக்கி என்ன பயன்? ஆறைத் தொடாதீர்கள். ஐந்தை மாற்றுங்கள்.

இன்னொன்று. தாளைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பதினான்கும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் மட்டும் மாறியிருக்கிறது, வெளிச்சம் மாறவில்லை என்று பொருள். இருபது வருடமாகப் பின்னணி தீட்டுகிறேன், இன்றும் இந்தச் சோதனையில் பாதி நாள் தோற்கிறேன்.

கரிக்கோல்

பார்த்தேன். ஒன்பது பேனல்கள் ஒரே சாம்பல்! தங்கை பன்னிரண்டைக் காட்டியதன் காரணமும் புரிந்தது. தாளில் இருந்த ஒரே வெளிச்சப்புள்ளி அந்தத் தெருவிளக்குதான்.

ஐந்தாவதை இரவிலிருந்து மாலைக்கு மாற்றினேன். கடை முழுக்க மஞ்சள் வெயில், மனைவியின் கூந்தலில் கனகாம்பரம். பிறகு ஆறையும் தொட்டுவிட்டேன், மன்னியுங்கள். இருட்டை எடுத்துவிட்டு நடுப்பகல் ஆக்கினேன். வெளுத்த சுவர், நிழலே இல்லை. நீலத்தைவிட அந்த வெள்ளைதான் எனக்கு அடிவயிற்றைப் பிசைகிறது.

கனகாம்பர நிறத்தை ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்குமே விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். பதின்மூன்றில் சிறுமியின் பாவாடைத் துணியாக அது திரும்ப வர வேண்டும். எழுதும்போது சுலபம். தீட்டும்போதுதான் நாட்டு ஓடு கிட்டத்தட்ட அதே நிறம் என்பது உறைத்தது. ஓட்டை மழையில் நனைத்துப் பாசி ஏற்றினேன். பல்பு வெளிச்சத்தை வெளிர்ப்பச்சையாக்கினேன். தேநீர்க் குவளையைப் பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கு மாற்றினேன். இப்போது தங்கை ஆறையும் பதின்மூன்றையும் காட்டுகிறாள்.

மாலைவெயில்

அப்படியானால் சோகத்துக்கு வெள்ளையா?

பழைய பின்னணி

மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்ததால் இந்தப் படத்தில் வெள்ளை. அடுத்த படத்தில் வேறு.

கரிக்கோல், ஒரு சந்தேகம். பதின்மூன்று எத்தனை வினாடி? தாளில் எல்லாப் பேனலும் ஒரே அகலம், திரையில் அப்படியில்லை. ஸ்டோரிபோர்டை நேரக்கணக்கோடு ஓடவிட்ட அனிமேட்டிக் இருக்கிறதே, அதன் நேரத்தைப் பார்த்து, வினாடிக்கு இரண்டு மில்லிமீட்டர் என்று பேனல்களை நீட்டியும் சுருக்கியும் ஒட்டிப் பாருங்கள்.

கரிக்கோல்

ஒட்டினேன். பதின்மூன்று நான்கே வினாடி, எட்டு மில்லிமீட்டர். பக்கத்தில் பன்னிரண்டாவது பேனல் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாசிப்பச்சையாகப் படுத்திருக்கிறது. கனகாம்பரம் ஒரு நூல் மாதிரிதான் தெரிகிறது.

பதின்மூன்றை ஒன்பது வினாடியாக்கலாம் என்கிறேன். அனிமேஷன் செய்யும் நண்பர் மறுக்கிறார். துணியைக் கண்டதும் பெரியவரின் கை நான்கு வினாடிக்குள் இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும், தயங்கினால் நடிப்பு செத்துவிடும் என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

பழைய பின்னணி

நேரத்தை விடுங்கள். பன்னிரண்டின் கடைசியில் சிறுமி துணியைச் சுருட்டி எடுத்து வரட்டும், ஓரம் மட்டும் தெரியட்டும்.

கரிக்கோல்

ஓரம் தெரிந்தால் பதின்மூன்றில் திகைப்பு போய்விடாதா? இரண்டு விதமாகவும் தீட்டி, இதுவரை தாளைப் பார்க்காத ஒருவரிடம் காட்டப் போகிறேன். தங்கைக்கு இப்போது கதை முழுக்கத் தெரிந்துவிட்டது.